இருபது கிராம் புரதத்தின் விலை: ஒரு மட்டாஞ்சேரிக் கணக்கு

கடையில் எவரும் புரதத்தைத் தனியே விற்பதில்லை. முட்டையை எண்ணிக்கையிலும், பருப்பைக் கிலோவிலும், பனீரை இருநூறு கிராம் பொட்டலத்திலும், பவுடரை டப்பாவிலும் விற்கிறார்கள். ஒவ்வொன்றின் விலைச்சீட்டும் வெவ்வேறு அளவைப் பற்றிப் பேசுவதால், ஏழு ரூபாய் முட்டை மலிவா, நூற்று முப்பது ரூபாய்ப் பருப்பு மலிவா என்னும் வினாவுக்கு விலையை மட்டும் பார்த்து விடை கூற இயலாது. நான்கு நாட்டு நாணயங்களை ஒப்பிடுவதற்கு முன் அவற்றை ஒரே நாணயமாக மாற்றிக்கொள்வது எங்கள் தொழிலின் பாலபாடம். இங்கும் அதையே செய்ய வேண்டும். இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பொது நாணயம் இருபது கிராம் புரதம்.

எங்கள் கிளையில் சம்பளக் கணக்கு வைத்திருக்கும் ஓர் இளைஞர் அண்மையில் கேட்ட கேள்வியே இக்கணக்குக்குக் காரணம். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் உள்ள நறுமணப் பொருள் கிடங்கு ஒன்றில் அவர் எழுத்தராகப் பணிபுரிகிறார். வயது இருபத்து நான்கு. எடை அறுபது கிலோ. உடற்பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. "சார், ரெண்டாயிரத்து நானூறு ரூபாய் பவுடர் டப்பாவைக் கார்டில் வாங்கினால் மாதத் தவணையாக மாற்றித் தருவீர்களா?" என்று அவர் கேட்டார். மாற்றித் தர இயலும். ஆனால் அந்த டப்பா எத்தனை நாளைக்கு வரும் என்று நான் திருப்பிக் கேட்டபோது அவரிடம் விடை இல்லை. பயிற்சியாளர் வேளைக்கு ஒரு கரண்டி வீதம் இருவேளை பருகச் சொல்லியிருந்தார் என்பது மட்டுமே அவருக்குத் தெரிந்திருந்தது. டப்பாவின் உள்ளே இருக்கும் கரண்டி முப்பத்து மூன்று கிராம் கொள்ளும். நாளுக்கு இரண்டு கரண்டி எனில் ஒரு கிலோ டப்பா பதினைந்து நாளில் தீரும். மூன்று மாதத் தவணையின் முதல் தவணை வருவதற்கு முன்பே டப்பா காலியாகிவிடும்.

அவருக்கு உண்மையில் எவ்வளவு புரதம் குறைகிறது என்பதை முதலில் பார்த்தோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, உடல்நலமுள்ள பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். அறுபது கிலோ எடைக்கு இது ஐம்பது கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்கு இதைவிடக் கூடுதலாக வேண்டும். தொடக்க நிலையில் கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்துக்கொள்வது நியாயமான இலக்கு. அவ்வகையில் எழுபத்திரண்டு கிராம் ஆகிறது.

அவர் ஏற்கெனவே உண்பதைக் கூட்டினோம். காலைப் புட்டும் மதியச் சோறும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 250 கிராம் அரிசி. அதில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் உண்டு. புட்டுக்குத் துணையாகும் கடலைக்கறியில் நாற்பது கிராம் கொண்டைக்கடலை இருக்கும். அது 7 கிராம். மதியம் ஒரு நடுத்தர மீன் துண்டு 14 கிராம். சாம்பாரில் உள்ள முப்பது கிராம் பருப்பு 6 கிராம். தேநீரில் கலக்கும் பால் 5 கிராம். மொத்தம் 51. பயிற்சிக்கு முந்தைய தேவை இதிலேயே நிறைவேறிவிட்டது என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. இலக்குக்கும் இதற்கும் உள்ள இடைவெளி 21 கிராம். அதாவது நாளுக்கு ஓர் இருபது கிராம். இரண்டு கரண்டிப் பவுடர் தரும் நாற்பத்தெட்டு கிராம் அவருக்குத் தேவைப்படவே இல்லை.

இருபது என்னும் எண்ணுக்கு வேறொரு பின்னணியும் உண்டு. 2009-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வர்கள், ஆறு இளைஞர்களுக்குக் கால்தசைப் பயிற்சிக்குப் பின் முட்டைப் புரதத்தை 0, 5, 10, 20, 40 கிராம் என வெவ்வேறு அளவில் கொடுத்துத் தசையில் புரதம் சேரும் வேகத்தை அளந்தனர். இருபது கிராம் வரை வேகம் ஏறிற்று. நாற்பதில் குறிப்பிடத்தக்க ஏற்றம் இல்லை. மிகுதியை உடல் எரிபொருளாகச் செலவிட்டது. ஆறு பேரை வைத்துச் செய்த சிறு ஆய்வு இது. உடல் முழுவதற்குமான பயிற்சிக்குப் பின் நாற்பது கிராம் சற்றுக் கூடுதல் பலன் தந்ததாக 2016-இல் வேறோர் ஆய்வு காட்டியது. எனினும் ஒரு வேளைக்கு இருபது கிராம் என்பது தொடக்கக்காரருக்கு ஏற்ற அலகாக இன்றும் நிலைத்திருக்கிறது.

கணக்கு முறை

சூத்திரம் ஒன்றே. ஒரு பொட்டலத்தின் விலையை அப்பொட்டலத்தில் உள்ள மொத்தப் புரதக் கிராமால் வகுத்து இருபதால் பெருக்க வேண்டும். புரத அளவுகளுக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுக் கலவை அட்டவணைகளையே பெரிதும் பின்பற்றியிருக்கிறேன். விலைகள் மட்டாஞ்சேரிச் சில்லறைக் கடைகளில் வழங்கும் அளவை ஒட்டி முழு எண்ணாக்கப்பட்டவை. முட்டை ஒன்று ஏழு ரூபாய். பாசிப்பருப்பு கிலோ நூற்று முப்பது. பனீர் இருநூறு கிராம் நூறு ரூபாய். பவுடர் ஒரு கிலோ இரண்டாயிரத்து நானூறு. தங்கள் ஊர் விலை வேறாயின் அதை இட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் போக்கு மாறாது.

பருப்புக் கணக்கு எளிது. நூறு கிராம் பாசிப்பருப்பில் இருபத்து நான்கு கிராம் புரதம் உண்டு. இருபது கிராமுக்கு 84 கிராம் பருப்பு வேண்டும். விலை பதினொரு ரூபாய். துவரையில் புரதம் சற்றுக் குறைவு, நூற்றுக்கு ஏறத்தாழ இருபத்திரண்டு; ஒரே விலையில் கிடைத்தால் பன்னிரண்டு ரூபாய் ஆகும். கேரளத்தில் சப்ளைகோவின் மாவேலிக் கடைகள் மானிய விலையில் தரும் பதின்மூன்று பொருள்களில் பாசிப்பயறு, உளுந்து, கொண்டைக்கடலை, காராமணி, துவரம்பருப்பு ஆகிய ஐந்தும் அடங்கும். குடும்ப அட்டைக்கு அளவு வரையறை உண்டு, சரக்கு எப்போதும் இருப்பதில்லை. கிடைக்கும் மாதத்தில் பருப்புக் கணக்கு இன்னும் இறங்கும்.

முட்டைக் கணக்கில் நின்று பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கொச்சியில் நாம் வாங்கும் முட்டைகளில் பெரும்பகுதி நாமக்கல்லிலிருந்து லாரியில் வருபவை. நாள்தோறும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் நாமக்கல் விலையின் மேல் போக்குவரத்தும் உடைசேதமும் கடைக்காரர் லாபமும் ஏறி நம்மிடம் வருகின்றன. விலை முட்டைக்கு இத்தனை என்று இருக்கிறதே ஒழிய எடைக்கு இத்தனை என்று இல்லை. அக்மார்க் தரப்படி 45 முதல் 52 கிராம் வரை உள்ளது நடுத்தர முட்டை. 38 முதல் 44 வரை சிறியது. ஐம்பத்திரண்டு கிராம் முட்டையில் ஓடு போக 46 கிராம் எஞ்சும், அதில் 6.1 கிராம் புரதம். இருபது கிராமுக்கு மூன்றேகால் முட்டை. ஏறத்தாழ இருபத்து மூன்று ரூபாய். அதே ஏழு ரூபாய்க்கு 42 கிராம் முட்டையைக் கொடுத்தால் ஒன்றில் ஐந்து கிராம் புரதமே இருக்கும், நான்கு முட்டை வேண்டும், இருபத்தெட்டு ரூபாய். பார்வைக்குத் தோன்றாத இந்த வேறுபாடு தராசில் தெரியும். கடைக்காரரைப் பத்து முட்டைகளை நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஐந்நூறு கிராமுக்கு மேல் இருந்தால் கணக்கு சரி. நானூற்று இருபதை ஒட்டி இருந்தால் வேறு கடையைப் பார்க்கலாம்.

மஞ்சள் கருவை எறிந்துவிட்டு வெள்ளையை மட்டும் உண்ணும் வழக்கம் பயிற்சிக்கூடங்களில் பரவலாக இருக்கிறது. அதற்கும் ஒரு விலை உண்டு. நடுத்தர முட்டையின் வெள்ளையில் 3.3 கிராம் புரதமே இருக்கிறது. எஞ்சிய 2.8 கிராம் மஞ்சள் கருவோடு குப்பைக்குப் போகிறது. வெள்ளையை மட்டும் கொண்டு இருபது கிராம் சேர்க்க ஆறு முட்டைகள், நாற்பத்திரண்டு ரூபாய். அதாவது எறியப்படும் மஞ்சள் கரு புரதத்தின் விலையை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது. மருத்துவர் கூறிய காரணம் ஏதும் இல்லாத இளைஞர், நாளுக்கு இரண்டு முட்டை என்ற அளவில், இந்த வீண்செலவைச் செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து.

பனீர் பாலின் சுருக்கம். ஒரு கிலோ பனீருக்கு ஐந்து முதல் ஆறு லிட்டர் பால் செல்கிறது. நூறு கிராமில் பத்தொன்பது கிராம் புரதம் என்று கொண்டால் இருபது கிராமுக்கு 106 கிராம் பனீர்; ஐம்பத்து மூன்று ரூபாய். முட்டையைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல். ஏன் இவ்வளவு? உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரவிதிப்படி முழுக்கொழுப்புப் பனீரில் நீர் அறுபது விழுக்காட்டை மீறக் கூடாது. எஞ்சிய உலர்பொருளில் குறைந்தது பாதி பால்கொழுப்பாக இருக்க வேண்டும். ஆகவே பனீருக்கு நாம் கொடுக்கும் பணத்தின் பெரும்பங்கு கொழுப்புக்குச் செல்கிறது. சுவை அதனால்தான். ஆனால் புரதத்தை மட்டும் தேடி வருபவர் நெய்க்கும் சேர்த்து விலை கொடுக்கிறார். 2025 செப்டம்பர் 22 முதல் பொட்டலப் பனீருக்கான ஐந்து விழுக்காடு சரக்கு சேவை வரி நீக்கப்பட்டிருக்கிறது. வரிக்குறைப்பு மட்டும் இவ்வரிசையை மாற்றிவிடாது.

குஜராத்தி ரோட்டில் தலைமுறைகளாக வாழும் சைவக் குடும்பங்களைச் சேர்ந்த வாடிக்கையாளர்கள் முட்டையைத் தொடமாட்டார்கள். அவர்களுக்குப் பனீர் தவிர வேறென்ன வழி என்று கேட்கலாம். பாலைப் பாலாகவே பருகுவது ஒரு வழி. லிட்டர் ஐம்பத்து நான்கு ரூபாய் எனில், அறுநூற்று இருபத்தைந்து மில்லிலிட்டரில் இருபது கிராம் கிடைக்கும். முப்பத்து நான்கு ரூபாய். கொழுப்பு நீக்கிய பால்பொடி இன்னும் மலிவு. நூற்றுக்கு முப்பத்தாறு கிராம் புரதம் உள்ள பொடி கிலோ ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைத்தால், இருபது கிராம் இருபத்தெட்டு ரூபாய் ஆகும். ஆயினும் அதில் பாதி பால்சர்க்கரை என்பதால் பால் ஒவ்வாதவருக்கு வயிறு உப்பும்.

தளர்வாக விற்கும் மலிவுப் பனீரில் ஏமாற்றம் உண்டு. பால்கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெயும், எடைக்காக மாவும் சேர்த்துச் செய்த போலிப் பொருள் பனீர் என்ற பெயரில் உலவுகிறது. மாவு கலந்ததை வீட்டிலேயே கண்டுகொள்ளலாம். ஒரு துண்டை நீரில் கொதிக்க வைத்து ஆறவிட்டு இரண்டு மூன்று சொட்டு அயோடின் கரைசலை விடுங்கள். நீலமானால் மாவுச்சத்து இருக்கிறது. நீலமாகாவிட்டால் மாவு இல்லை என்று மட்டுமே பொருள்; எண்ணெய்க் கலப்பை இச்சோதனை காட்டாது.

டப்பாவின் எழுத்தும் டப்பாவின் உள்ளும்

பவுடர் பாலாடைக்கட்டித் தொழிலில் வடிந்த நீரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் மோர்ப்புரதம். நம் இளைஞர் காட்டிய டப்பாவில் முப்பத்து மூன்று கிராம் கரண்டிக்கு இருபத்து நான்கு கிராம் புரதம் என்று அச்சிட்டிருந்தது. ஒரு கிலோவில் 727 கிராம் புரதம் ஆகிறது. இருபது கிராமுக்கு 27.5 கிராம் பவுடர்; அறுபத்தாறு ரூபாய். நான்கில் இதுவே மிகுந்த விலை. பருப்பைப் போல் ஆறு மடங்கு, முட்டையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

இந்த அறுபத்தாறு ரூபாயும் டப்பாவின் மேல் எழுதியிருப்பது உண்மையானால் மட்டுமே. அந்த ஐயத்தை எழுப்பிய ஆய்வு நம் மாவட்டத்திலேயே நடந்தது. ஆலுவா ராஜகிரி மருத்துவமனையின் கல்லீரல் மருத்துவர் சிரியக் அபி பிலிப்ஸும் சக ஆய்வர்களும், இந்தியச் சந்தையில் விற்கும் முப்பத்தாறு புரதப் பொருள்களைத் தங்கள் சொந்தச் செலவில் வாங்கி ஆய்வகத்தில் சோதித்தனர். முடிவுகள் 2024 ஏப்ரலில் ஒரு பன்னாட்டு மருத்துவ இதழில் வெளியாயின. ஏறத்தாழ எழுபது விழுக்காட்டுப் பொருள்களில் அச்சிட்ட புரத அளவும் உண்மை அளவும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் அறிவித்ததில் பாதியே இருந்தது. பதினான்கு விழுக்காட்டில் பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சினும், எட்டு விழுக்காட்டில் பூச்சிக்கொல்லி எச்சமும் காணப்பட்டன. நம் கணக்கில் இதன் பொருள் தெளிவு. உள்ளே பாதிப் புரதம்தான் இருக்கிறது என்றால் இருபது கிராமின் விலை அறுபத்தாறு அன்று, நூற்று முப்பத்திரண்டு.

புரதத்தை அளக்கும் வழக்கமான முறை நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவது. கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோப் பொருள்களைக் கலந்தாலும் நைட்ரஜன் கூடும், தசை கூடாது. ஆகவே பொருள் பட்டியலில் மோர்ப்புரதத்துக்கு அடுத்ததாகவே இவை தனித்தனிப் பெயரில் வந்திருந்தால் தயங்க வேண்டும். நூறு கிராமுக்கு எவ்வளவு என்ற எண்ணையே எப்போதும் பாருங்கள். கரண்டிக்கு எவ்வளவு என்பது கரண்டியின் பருமனைப் பொறுத்தது. முப்பத்து மூன்று கிராம் கரண்டியையும் நாற்பது கிராம் கரண்டியையும் ஒப்பிட்டுப் பயனில்லை.

எடை கூட்டும் பவுடர் என்று பக்கத்தில் அடுக்கியிருப்பது வேறு சரக்கு. கிலோ ஆயிரத்து இருநூறு ரூபாய் என்பதால் பாதி விலை போலத் தோன்றும். நூறு கிராமில் பதினைந்து கிராம் புரதமே உள்ள பொடியானால் இருபது கிராமுக்கு 133 கிராம் பொடி வேண்டும். விலை நூற்று அறுபது ரூபாய். எஞ்சியதில் பெரும்பகுதி மாவுச்சர்க்கரை. அதைப் பஜார் ரோட்டில் அரிசியாகவே வாங்கலாம்.

விழுங்கியதும் செரித்ததும்

பருப்பு பதினொரு ரூபாய் என்று முடித்துவிட்டால் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கும். உண்ட புரதம் முழுவதும் உடலில் சேர்வதில்லை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வர்கள் இந்தியப் பெரியவர்களிடமே இதை அளந்திருக்கிறார்கள். வேகவைத்த முழு முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ 89 விழுக்காடு சிறுகுடலில் செரித்தது. தோலுடன் கூடிய பாசிப்பயறில் அது 63 விழுக்காடு. தோல் நீக்கியதில் 71. ஆகவே வயிற்றில் இறங்கியதைக் கணக்கிடாமல் செரித்ததைக் கணக்கிட்டால், பாசிப்பருப்பின் பதினொரு ரூபாய் பதினைந்தரை ஆகிறது. முட்டையின் இருபத்து மூன்று இருபத்தாறு ஆகிறது. பால் சார்ந்த இரண்டும் முட்டைக்குக் குறையாமல் செரிப்பவை. அவற்றின் விலை பெரிதாக ஏறாது. இடைவெளி சுருங்கியதே தவிர வரிசை மாறவில்லை.

பருப்பின் மற்றொரு குறை, கந்தகம் கொண்ட மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் அதில் குறைவு என்பது. அரிசியில் அது உண்டு. அரிசியில் குறைவான லைசின் பருப்பில் மிகுதி. சோறும் பருப்பும் ஒரே தட்டில் சேரும்போது ஒன்றின் பற்றாக்குறையை மற்றொன்று ஈடுகட்டுகிறது. நம் பாட்டிமார் எந்த அட்டவணையும் பாராமல் செய்தது இது.

நடைமுறையில் பருப்பு தோற்பது அளவில்தான். எண்பத்து நான்கு கிராம் என்பது உலர்ந்த பருப்பின் எடை. வெந்தபின் அது நீரை இழுத்து ஏறத்தாழ மூன்று மடங்காகும். ஒரு பெரிய கிண்ணம் நிறைந்த கெட்டிப் பருப்பு. ஓட்டலில் ஒரு கரண்டி சாம்பாரை ஊற்றிக்கொண்டு "பருப்பு சாப்பிட்டேன்" என்று எண்ணுபவர் உண்மையில் உண்டது பதினைந்து இருபது கிராம் பருப்பு. மூன்று நான்கு கிராம் புரதம். வெந்த பருப்பு நூறு கிராமுக்கு உலர்ந்த பருப்பின் இருபத்து நான்கை எழுதிக்கொள்வதே இக்கணக்கில் மிகுதியாக நேரும் பிழை. வெந்ததில் அது ஏழெட்டுக்கு மேல் இராது. சமைக்கும் முன் ஒருமுறை நிறுத்து, அது எந்தக் கிண்ணத்தின் எந்தக் கோடு வரை வருகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் பிறகு தராசு வேண்டியதில்லை.

இதனோடு சேர்ந்து வரும் ஆற்றலையும் நோக்க வேண்டும். இருபது கிராம் புரதத்தோடு பாசிப்பருப்பு சுமார் 270 கிலோ கலோரியையும், முட்டை 200-ஐயும், பனீர் 275-ஐயும், பவுடர் 110-ஐயும் கொண்டுவருகின்றன. ஒல்லியாக இருந்து எடை கூட விரும்பும் நம் இளைஞருக்குப் பருப்பின் கலோரி ஒரு வரவு. தொப்பையைக் குறைக்க விரும்பும் நாற்பது வயதுக்காரர் அதே பருப்பைச் சேர்க்கும்போது எழுபத்தைந்து கிராம் அரிசியைக் குறைக்க வேண்டும். அரிசியோடு ஆறு கிராம் புரதமும் போய்விடும். நிகர வரவு பதினான்கே. அவருக்கு முட்டை கூடுதலாகப் பொருந்தும். பவுடருக்கு உண்மையான மேன்மை ஒன்று உண்டென்றால் இங்கேதான், குறைந்த கலோரியில் புரதம் கிடைப்பதில்தான். பசியற்றவர், நாள் முழுதும் பயணத்தில் இருப்பவர், முட்டையும் உண்ணாமல் பருப்பும் ஒவ்வாமல் இருப்பவர் ஆகியோர் அந்த விலையைக் கொடுப்பதில் தவறில்லை. பொதுவாக, தசை வளர்ப்புக்காகப் புரதப் பவுடர்களைத் தவிர்த்து உணவிலிருந்தே புரதத்தைப் பெறுமாறு 2024-இல் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டி அறிவுறுத்துகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் எந்த வடிவிலும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

முப்பது நாளுக்குப் பெருக்கிப் பார்த்தோம். பாசிப்பருப்பு மட்டும் எனில் 330 ரூபாய், முட்டை மட்டும் எனில் 690, பனீர் 1,590, பவுடர் 1,980. நாள்தோறும் ஒரே பொருளை இருபது கிராமுக்கு உண்பது சலிப்பு என்பதால் நாங்கள் எழுதிக்கொண்டது ஒரு கலவை. காலையில் இரண்டு முழு முட்டை, இரவுச் சோற்றோடு வழக்கமான சாம்பாருக்கு மேல் முப்பத்தைந்து கிராம் பாசிப்பருப்பு. முட்டையில் 12.2, பருப்பில் 8.4, கூடுதல் 20.6 கிராம். செலவு பதினான்கும் நாலரையும் சேர்ந்து பதினெட்டரை ரூபாய், மாதம் 555. எரிவாயுவுக்கு நாளொன்றுக்கு ஓரிரு ரூபாய் சேர்த்தாலும் அறுநூற்றைத் தாண்டிச் சிறிதே போகும். டப்பாவைப் பயிற்சியாளர் சொன்னபடி இருவேளை பருகியிருந்தால் மாதம் இரண்டு டப்பா, நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்.

இளைஞர் தாளைப் பார்த்துவிட்டு ஒரு நியாயமான மறுப்புச் சொன்னார். "சார், நான் இருப்பது கூவப்பாடத்தில் ஒரு வாடகை அறை. அங்கே அடுப்பு வைக்க விடமாட்டார்கள்." அடுப்பில்லாத அறையில் பாசிப்பருப்பின் பதினொரு ரூபாய்க்குப் பொருளே இல்லை என்பது உண்மைதான். தேநீர்க் கடையில் அவித்த முட்டை பன்னிரண்டு ரூபாய் என்றார். அந்த விலையில் மூன்றேகால் முட்டை முப்பத்தொன்பது ரூபாய். பவுடரின் லேபிள் விலையைவிட அப்போதும் இருபத்தேழு ரூபாய் குறைவு. பருப்புக்கு மாற்றாக நான் எழுதியது பொட்டுக்கடலை. நூற்றுக்கு இருபத்திரண்டு கிராம் புரதம், கிலோ நூற்று நாற்பது ரூபாய் எனில் இருபது கிராம் புரதம் பதின்மூன்று ரூபாய், சமையலே வேண்டியதில்லை. வாயை உலர்த்தும் பொருள் என்பதால் ஒரே மூச்சில் தொண்ணூறு கிராம் தின்ன முடியாது. கைப்பிடி அளவாக முப்பத்தைந்து நாற்பது கிராமைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கிடங்கிலிருந்து பயிற்சிக்கூடத்துக்கு நடக்கும் நேரத்தில் தின்னலாம். தேநீர்க் கடையில் இரண்டு அவித்த முட்டையும் இந்தக் கைப்பிடிக் கடலையும் சேர்ந்தால் இருபது கிராம், முப்பது ரூபாய்க்குள்.

அந்தக் கலவையை ஒரு மாதம் செய்து பார்ப்பதாகச் சொல்லி, தவணை விண்ணப்பத்தை எடுக்காமல் போனார். கடலைக்கடைக்காரர் நூறு கிராம் பொட்டலத்தைப் பதினெட்டு ரூபாய்க்கு விற்கிறார் என்று மறுநாள் தொலைபேசியில் கூறினார். கிலோவாக வாங்கி ஈரம் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். சில்லறைப் பொட்டலத்தில் வாங்கினால் அதே இருபது கிராம் பதினாறரை ரூபாய் ஆகிவிடுகிறது.